எந்தச் செலவு லாபத்தைத் தின்றது?

லாப நட்டக் கணக்கில் விற்பனை ஏறி, லாபம் இறங்கியிருந்தால் இடையில் ஏதோ ஒரு செலவு வரம்பு மீறியிருக்கிறது என்று பொருள். அது எந்தச் செலவு என்பதை ரூபாய்த் தொகைகளை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. விற்பனை கூடும்போது பெரும்பாலான செலவுகளும் கூடத்தான் செய்யும். நியாயமாகக் கூடியது எது, நியாயத்தை மீறிக் கூடியது எது என்று பிரித்தறிய, கணக்காளர்கள் இரண்டு கணக்குகளைப் போட்டுப் பார்ப்பார்கள். ஒன்று, ஒவ்வொரு செலவும் போன ஆண்டைவிட எத்தனை சதவீதம் மாறியிருக்கிறது என்பது. இன்னொன்று, விற்பனையை நூறு ரூபாயாக வைத்துக்கொண்டால் ஒவ்வொரு செலவும் அதில் எத்தனை ரூபாய் என்பது. இந்த இரண்டாவதற்குத்தான் 'காமன்-சைஸ் ஸ்டேட்மென்ட்' என்று பெயர். சின்ன மில்லையும் பெரிய மில்லையும், போன ஆண்டையும் இந்த ஆண்டையும் ஒரே நூறு ரூபாய் அளவுக்குக் கொண்டுவந்துவிடுவதால் வந்த பெயர் அது.

இதை விளக்க நூற்பாலைக் கணக்கு நல்ல உதாரணம். செலவினங்கள் குறைவு, ஒவ்வொன்றும் எதனால் ஏறும், எதனால் இறங்கும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஆண்டுக்கு 80 கோடி ரூபாய்க்கு நூல் விற்கும் ஒரு மில்லைக் கற்பனை செய்துகொள்ளலாம். அதன் இரண்டு ஆண்டுக் கணக்கு கீழே இருக்கிறது. தொகைகள் லட்சம் ரூபாயில்.

| இனம் | முதல் ஆண்டு | இரண்டாம் ஆண்டு | மாற்றம் % | முதல் ஆண்டு, 100-க்கு | இரண்டாம் ஆண்டு, 100-க்கு |
|---|---|---|---|---|---|
| விற்பனை | 8,000 | 8,800 | +10 | 100.0 | 100.0 |
| பஞ்சு | 5,040 | 5,632 | +12 | 63.0 | 64.0 |
| மின்சாரம், எரிபொருள் | 800 | 1,056 | +32 | 10.0 | 12.0 |
| சம்பளம், கூலி | 720 | 774 | +8 | 9.0 | 8.8 |
| தேய்மானம் | 320 | 317 | −1 | 4.0 | 3.6 |
| வட்டி | 240 | 264 | +10 | 3.0 | 3.0 |
| லாரி வாடகை | 80 | 132 | +65 | 1.0 | 1.5 |
| இதர செலவு | 160 | 176 | +10 | 2.0 | 2.0 |
| வரிக்கு முந்தைய லாபம் | 640 | 449 | −30 | 8.0 | 5.1 |

விற்பனை 8 கோடி ஏறியிருக்கிறது. லாபமோ 6 கோடியே 40 லட்சத்திலிருந்து 4 கோடியே 49 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. காரணம் எது என்று கேட்டால், மூன்று பேர் மூன்று பதில் சொல்ல இந்தப் பட்டியலில் இடம் இருக்கிறது.

ரூபாயைப் பார்ப்பவர் பஞ்சைக் காட்டுவார். அதில்தான் 592 லட்சம் கூடியிருக்கிறது. வேறெந்தச் செலவும் அதன் பாதிக்குக்கூட வரவில்லை. ஆனால் நூல் அதிகம் விற்றால் பஞ்சும் அதிகம் போகத்தானே செய்யும்? விற்பனை 10 சதவீதம் ஏறியதற்கு ஈடாக பஞ்சும் 10 சதவீதம் ஏறியிருந்தால்கூட 504 லட்சம் கூடியிருக்கும். ஆக 592 லட்சத்தில் பெரும்பகுதி நியாயமான ஏற்றம்.

சதவீதத்தைப் பார்ப்பவர் லாரி வாடகையைக் காட்டுவார். 65 சதவீதம் என்பது கண்ணை உறுத்தும் எண். மேலாளர் கூட்டங்களில் அதிக நேரம் பேசப்படுவதும் இப்படிப்பட்ட எண்தான். ஆனால் 80 லட்சம் என்ற சிறிய தொகையின் மேல் வந்த 65 சதவீதம் அது. கூடியது 52 லட்சம். லாபத்தில் விழுந்த ஓட்டையை அதால் விளக்க முடியாது.

நூறு ரூபாய்க் கணக்கைப் பார்ப்பவருக்கு வேறு காட்சி தெரிகிறது. முதல் ஆண்டில் நூறு ரூபாய் நூல் விற்றால் எட்டு ரூபாய் மிஞ்சியது. இரண்டாம் ஆண்டில் ஐந்து ரூபாய் பத்துக் காசுதான் மிஞ்சுகிறது. காணாமல் போனது இரண்டு ரூபாய் தொண்ணூறு காசு. அதை இனம் இனமாகத் தேடலாம். மின்சாரம் இரண்டு ரூபாய் கூடுதலாக எடுத்துக்கொண்டிருக்கிறது. பஞ்சு ஒரு ரூபாய். லாரி வாடகை ஐம்பது காசு. மூன்றும் சேர்ந்து மூன்று ரூபாய் ஐம்பது காசு. சம்பளத்தில் இருபது காசும் தேய்மானத்தில் நாற்பது காசும் மிச்சமாகியிருக்கின்றன. மூன்றரையிலிருந்து அறுபது காசு கழித்தால் சரியாக இரண்டு ரூபாய் தொண்ணூறு காசு. கணக்கு ஒரு காசு பிசகாமல் உட்காருகிறது. அப்படி உட்கார வேண்டும் என்பதே இந்த முறையின் பலம். செலவுகளின் பங்கில் வந்த மாற்றங்களைக் கூட்டினால் லாப விகிதத்தில் வந்த மாற்றம் கிடைத்தாக வேண்டும். கிடைக்கவில்லை என்றால் ஏதோ ஓர் இனம் விடுபட்டிருக்கிறது, அல்லது எங்கோ தவறான எண்ணால் வகுக்கப்பட்டிருக்கிறது.

காசுக் கணக்கை ரூபாயாக மாற்றுவதும் எளிது. பங்கு மாற்றத்தை இந்த ஆண்டு விற்பனையால் பெருக்கினால் போதும். மின்சாரத்தின் 2 சதவீதப் புள்ளி என்பது 8,800 லட்சத்தில் 176 லட்சம். பஞ்சு 88 லட்சம். லாரி வாடகை 44 லட்சம். பழைய விகிதமே தொடர்ந்திருந்தால் இந்த மில்லுக்கு இரண்டாம் ஆண்டில் 704 லட்சம் லாபம் வந்திருக்க வேண்டும்; வந்தது 449 லட்சம். குறைந்த 255 லட்சத்தில் மின்சாரத்தின் பங்கு மட்டும் மூன்றில் இரண்டுக்கும் மேல்.

இங்கே 'சதவீதம்', 'சதவீதப் புள்ளி' என்ற இரண்டு சொற்களையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மின்செலவு 10-லிருந்து 12-க்குப் போனதை "2 சதவீதம் கூடியது" என்று எழுதினால், மின்கட்டணம் லேசாக ஏறியது என்றுதான் படிப்பவர் நினைப்பார். கூடியது 2 சதவீதப் புள்ளி. ரூபாயில் ஏறியது 32 சதவீதம்.

மின்சாரம் என்று கண்டுபிடித்த இடத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். கணக்குப் புத்தகம் 'எந்த இனம்' என்று மட்டும்தான் சொல்லும். 'ஏன்' என்பதற்கு அளவும் விலையும் வேண்டும். அவை லாப நட்டக் கணக்கில் இருக்காது. மில்லின் உற்பத்திப் பதிவேட்டிலும் ஈ.பி. பில்லிலும் இருக்கும்.

உதாரண மில் முதல் ஆண்டில் 25 லட்சம் கிலோ நூல் விற்றது என்றும் இரண்டாம் ஆண்டில் 27.5 லட்சம் கிலோ விற்றது என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஆண்டிலும் கிலோ விலை 320 ரூபாய்தான். ஆக விற்பனையில் வந்த 10 சதவீத ஏற்றம் முழுவதும் எடையால் வந்தது, விலையால் அல்ல. மின்சாரம் முதல் ஆண்டில் 100 லட்சம் யூனிட், இரண்டாம் ஆண்டில் 110 லட்சம் யூனிட். ஒரு கிலோ நூலுக்கு இரண்டு ஆண்டிலும் நான்கு யூனிட்டே ஆகியிருக்கிறது. எனவே இயந்திரங்கள் மின்சாரத்தை வீணாக்கவில்லை. மோட்டாரையும் கம்ப்ரசரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. மாறியது யூனிட்டின் அடக்க விலை: 8 ரூபாயிலிருந்து 9 ரூபாய் 60 காசு. யூனிட் 10 சதவீதமும் விலை 20 சதவீதமும் ஏறினால் இரண்டையும் பெருக்கி வருவதுதான் அந்த 32 சதவீதம்.

விலை ஏன் ஏறியது? இதற்குத் தமிழ்நாட்டில் உண்மையான பின்னணி உண்டு. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022 செப்டம்பரில் கட்டணத்தை உயர்த்தியபோது, உயர் அழுத்தத் தொழிற்சாலை இணைப்புக்கு யூனிட் கட்டணம் 6 ரூபாய் 35 காசிலிருந்து 6 ரூபாய் 75 காசாக ஏறியது. யூனிட்டுக்கு நாற்பது காசு என்று செய்தியில் படிக்கும்போது பெரிதாகத் தெரியாது. ஆனால் டிமாண்ட் சார்ஜ் ஒரு கே.வி.ஏ.வுக்கு மாதம் 350 ரூபாயிலிருந்து 550 ரூபாயாக ஏறியது. அதுதான் மில்களைக் கடித்தது. உதாரண மில்லின் மின்தேவை 1,800 கே.வி.ஏ. என்றால், டிமாண்ட் சார்ஜில் மட்டும் மாதம் 3 லட்சத்து 60 ஆயிரம், ஆண்டுக்கு 43 லட்சத்துக்கு மேல் கூடுதல். யூனிட் கட்டண உயர்வால் 110 லட்சம் யூனிட்டுக்கு 44 லட்சம். இரண்டும் சேர்ந்து 87 லட்சம். மீதி 89 லட்சத்தை உச்ச நேரக் கூடுதல் கட்டணத்திலும், மின்சாரம் நின்றபோது ஓடிய ஜெனரேட்டரின் டீசலிலும் தேட வேண்டும். இதில் முதல் பாதி நிர்வாகத்தின் கையில் இல்லை. இரண்டாம் பாதி ஓரளவு கையில் இருக்கிறது. லாபம் ஏன் குறைந்தது என்ற கேள்விக்குப் பயனுள்ள பதில் இந்த இடத்தில்தான் கிடைக்கிறது.

டிமாண்ட் சார்ஜ் இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. மில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒப்பந்தம் செய்த மின்தேவையின் பெரும்பகுதிக்கு அதைக் கட்டியாக வேண்டும். ஆர்டர் இல்லாமல் ஒரு ஷிப்டை நிறுத்தினால் யூனிட் குறையும். டிமாண்ட் சார்ஜ் அதே விகிதத்தில் குறையாது. அப்போதும் நூறு ரூபாய்க் கணக்கில் மின்சாரத்தின் பங்கு ஏறும். பட்டியலில் தெரிவது ஒரே 12 ரூபாய்தான். பின்னால் இருக்கும் காரணம் முற்றிலும் வேறு. கிலோவுக்கு எத்தனை யூனிட், யூனிட்டுக்கு எத்தனை ரூபாய் என்ற இரண்டு எண்களைப் பார்க்காமல் அந்த இரண்டு நிலைமைகளையும் பிரிக்க முடியாது.

பஞ்சின் ஒரு ரூபாயையும் இதே வழியில் பிரிக்கலாம். முதல் ஆண்டில் ஒரு கிலோ நூலுக்குப் பஞ்சுச் செலவு 201 ரூபாய் 60 காசு. இரண்டாம் ஆண்டில் 204 ரூபாய் 80 காசு. ஏற்றம் ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல். பஞ்சு விலை அந்த அளவுக்கு ஏறியிருக்கலாம். விலை ஏறாமல் கழிவு கூடியிருந்தாலும் இதே எண்தான் வரும். நூறு கிலோ பஞ்சில் 72 கிலோ நூல் எடுத்துவந்த மில் 71 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடுத்தால் போதும்; கிலோவுக்கு மூன்று ரூபாய் போய்விடும். 356 கிலோ கொண்ட கண்டிக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று கொள்முதல் பில்லைப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். விலை மாறவில்லை என்றால் குறை கொள்முதலில் இல்லை, ப்ளோரூமிலும் கோம்பரிலும் இருக்கிறது.

இதுவரை சொன்னதைப் பார்த்தால் நூறு ரூபாய்க் கணக்கே போதும், ஆண்டு மாற்றச் சதவீதம் எதற்கு என்று தோன்றும். அது ஆபத்தான முடிவு. காமன்-சைஸ் முறைக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு: எல்லாவற்றையும் விற்பனையால் வகுக்கிறது. விற்பனையே ஆட்டம் கண்டால் எல்லாப் பங்குகளும் சேர்ந்து ஆடும்.

அதே மில், அதே 25 லட்சம் கிலோ, அதே செலவுகள். நூல் விலை மட்டும் 10 சதவீதம் சரிந்தது என்று கொள்ளலாம். விற்பனை 7,200 லட்சமாகிறது. பஞ்சு 5,040 லட்சம் என்பது இப்போது நூற்றுக்கு 70. சம்பளம் 9-லிருந்து 10. மின்சாரம் 10-லிருந்து 11.1. லாபம் இருந்த இடத்தில் 160 லட்சம் நட்டம். காமன்-சைஸ் பட்டியலை மட்டும் கையில் வைத்திருப்பவர், பஞ்சு ஏழு புள்ளி ஏறிவிட்டது, கொள்முதல் அதிகாரியைக் கூப்பிடு என்பார். உண்மையில் எந்தச் செலவும் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. இதைக் காட்டிக்கொடுப்பது ஆண்டு மாற்ற நிரல்தான்: எல்லாச் செலவுக்கும் நேரே பூஜ்யம், விற்பனைக்கு நேரே மட்டும் −10. இன்னொரு அடையாளமும் உண்டு. எல்லாச் செலவுகளின் பங்கும் ஒரே விகிதத்தில், இங்கே ஒன்பதில் ஒரு பங்கு, ஏறியிருக்கும். எல்லாம் சேர்ந்து ஒரே விகிதத்தில் ஏறினால் கோளாறு வகுக்கும் எண்ணில். ஓர் இனம் மட்டும் தனித்து ஏறினால் கோளாறு அந்த இனத்தில்.

முதல் பட்டியலில் சம்பளமும் தேய்மானமும் காட்டிய அறுபது காசு மிச்சத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். தேய்மானம் சிக்கனத்தால் குறையவில்லை. இயந்திரம் அதேதான், அதிக நூலின் மேல் பரவியதால் பங்கு மெலிந்தது. அடுத்த ஆண்டு உற்பத்தி இறங்கினால் அந்த நாற்பது காசு திரும்பி வரும். மில் உண்மையில் இழந்தது மூன்றரை ரூபாய். அதில் அறுபது காசை உற்பத்திப் பெருக்கம் மூடிவைத்திருக்கிறது.

பஞ்சுத் தொழிலில் கையிருப்பு தனித் தொல்லை தரும். அறுவடைப் பஞ்சு வரும் மாதங்களில் மில்கள் பல மாதத் தேவையை வாங்கி வைக்கும். கணக்கு ஆண்டு மார்ச் 31-இல் முடிகிறபோது கிடங்கு நிறைந்திருக்கும். எனவே வாங்கிய பஞ்சை எடுத்துக்கொள்ளாமல், ஆரம்ப இருப்பையும் வாங்கியதையும் கூட்டி, கடைசி இருப்பைக் கழித்துக் கிடைக்கும் 'நுகர்ந்த பஞ்சு' என்ற தொகையைத்தான் எடுக்க வேண்டும். அதோடு, நூற்று விற்காமல் கிடக்கும் நூலும் இருக்கும். கம்பெனி கணக்கில் அது 'இருப்பில் மாற்றம்' என்று தனி வரியாக வரும். அந்த வரியைப் பஞ்சோடு சேர்க்காமல் விட்டால், விற்காத நூலுக்குப் போன பஞ்சும் விற்ற நூலின் தலையில் விழும். பஞ்சின் பங்கு பொய்யாக ஊதிப்போகும். மேலே உள்ள பட்டியலில் இரண்டும் சேர்த்தே காட்டப்பட்டிருக்கின்றன.

விலை வேகமாக மாறும் காலத்தில் இருப்பு இன்னும் மோசமாக ஏமாற்றும். 2022 மே மாதத்தில் பஞ்சு கண்டிக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள் பெருமளவு இறங்கியது. உச்ச விலையில் வாங்கிக் கிடங்கில் வைத்த மில், அந்தப் பஞ்சை நூற்கும்போது நூல் விலை பஞ்சின் பின்னாலேயே இறங்கிவிட்டிருக்கும். அப்படிப்பட்ட ஆண்டின் கணக்கில் பஞ்சின் பங்கு திடீரென்று ஏறியிருந்தால் அது வாங்கிய நேரத்தின் தவறு. கழிவின் தவறாக அதைப் படிக்கக் கூடாது. ஆண்டு முழுவதையும் ஒரே எண்ணாகப் பார்க்காமல் காலாண்டு காலாண்டாகப் பிரித்தால் அது தெளிவாகத் தெரியும்.

வெளியிலிருந்து ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படிப்பவருக்கு வேறொரு சிக்கல். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி அச்சாகும் லாப நட்டக் கணக்கின் முகப்பில் மின்சாரம் என்ற வரியே இருக்காது. பொருள், ஊழியர், வட்டி, தேய்மானம் என்று நாலைந்து வரிகளுக்குப் பிறகு 'இதர செலவுகள்' என்று ஒரே தொகை வரும். உதாரண மில்லில் அந்த வரிக்குள் மின்சாரம், லாரி வாடகை, பழுதுபார்ப்பு எல்லாம் அடங்கிவிடும். 13 ரூபாய் 15 ரூபாய் 50 காசாக ஏறியது என்று மட்டும்தான் தெரியும். அங்கே நிற்காமல் பின்பக்கக் குறிப்புகளுக்குப் போக வேண்டும். விற்பனை வருவாயில் ஒரு சதவீதம் அல்லது ஒரு லட்சம் ரூபாய், இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டும் ஒவ்வொரு செலவையும் குறிப்பில் தனியாகக் காட்ட வேண்டும் என்பது அட்டவணையின் விதி. போன ஆண்டுத் தொகையும் பக்கத்திலேயே இருக்கும். தேடும் பதில் பெரும்பாலும் அந்தக் குறிப்பில்தான் கிடைக்கும்.

ஒரு செலவு ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்கு இடம் மாறியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சொந்தத் தொழிலாளர்களைக் குறைத்து ஒப்பந்தத் தொழிலாளர்களைப் போட்டால் சம்பளம் குறையும், இதர செலவு ஏறும்; மில் ஒரு காசும் மிச்சம் பிடித்திருக்காது. 2019 ஏப்ரல் 1 முதல் 'இந்த் ஏஎஸ் 116' என்ற கணக்குத் தரம் நடைமுறைக்கு வந்தபோது, அதைப் பின்பற்றும் கம்பெனிகளில் வாடகை பெருமளவு குறைந்து தேய்மானமும் வட்டியும் ஏறின. கட்டிய வாடகை மாறவில்லை. எழுதும் இடம் மாறியது. ஒரு வரி சட்டென்று இறங்கி, அதே ஆண்டில் இன்னொரு வரி கிட்டத்தட்ட அதே தொகைக்கு ஏறியிருந்தால், இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். பழைய வழக்குக்குக் கட்டிய தொகை போன்று ஒரே ஆண்டில் வந்துபோகும் செலவுகளையும் தனியே எடுத்துவைக்க வேண்டும்.

கணினியில் இதைச் செய்ய இரண்டே சூத்திரங்கள் போதும். முதல் ஆண்டு B நிரலிலும் இரண்டாம் ஆண்டு C நிரலிலும், விற்பனை இரண்டாவது வரிசையிலும் இருந்தால், மூன்றாவது வரிசையில் உள்ள பஞ்சுக்கு:

```
=C3/B3-1
=C3/C$2
```

முதலாவது ஆண்டு மாற்றம், இரண்டாவது விற்பனையில் பங்கு. இரண்டாவதில் உள்ள `$` குறியை விட்டுவிட்டுக் கீழே இழுத்தால் மின்சாரம் விற்பனையால் வகுபடாமல் பஞ்சால் வகுபடும். பங்குகளையும் லாபத்தையும் கூட்டினால் சரியாக நூறு வருகிறதா என்று பார்த்தால் இந்தத் தவறு உடனே பிடிபடும். வட்டி வருமானம், கழித்த இயந்திரத்தை விற்ற பணம் போன்ற இதர வருமானத்தை விற்பனையோடு சேர்த்து வகுக்கக் கூடாது. அதைக் கீழே தனி வரியாகக் காட்ட வேண்டும். லாபம் குறைந்ததற்கு அந்த வருமானம் நின்றுபோனதே காரணமாக இருக்கும் ஆண்டுகளும் உண்டு.

உதாரண மில்லின் கணக்கு சொல்லும் தீர்ப்பு இது: லாபத்தைக் குறைத்ததில் முதல் இடம் யூனிட்டுக்குக் கூடிய ஒன்றரை ரூபாய்ச் சொச்சத்துக்கு, இரண்டாம் இடம் ஒரு கிலோ நூலுக்குக் கூடிய மூன்று ரூபாய்ப் பஞ்சுக்கு. 65 சதவீதம் ஏறிய லாரி வாடகைக்கு மூன்றாம் இடம்தான்.